இன்வாய்ஸ் விலையும் ஸ்டாண்டர்ட் விலையும் ஒத்துப்போகாதபோது கணக்கில் நேரும் தவறுகள்

மோட்டார் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலை, காயில் சுற்றும் தாமிரக் கம்பிக்கு இந்த ஆண்டின் ஸ்டாண்டர்ட் விலையைக் கிலோ ரூ.800 என்று நிர்ணயித்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். பர்ச்சேஸ் ஆர்டர் போட்டது ரூ.820-க்கு, 500 கிலோ. சப்ளையரின் இன்வாய்ஸ் வந்தது ரூ.830-க்கு. ஜி.எஸ்.டி 18 சதவீதம் தனி. மொத்த விலை வேறுபாடு கிலோவுக்கு ரூ.30, ஆக ரூ.15,000. இது ஒரே நாளில் தெரிவதில்லை என்பதால்தான் குழப்பம் வருகிறது. ரூ.20 சரக்கு உள்ளே வரும்போதே தெரிந்துவிடும், மீதி ரூ.10 இன்வாய்ஸ் வந்தால்தான் தெரியும்.

சரக்கு வரவு (ஜி.ஆர்.என்) போடும் நாளில்:

மூலப்பொருள் இருப்பு – பற்று 4,00,000
கொள்முதல் விலை வேறுபாடு – பற்று 10,000
ஜி.ஆர்/ஐ.ஆர் இடைக்கணக்கு – வரவு 4,10,000

இன்வாய்ஸ் பதியும் நாளில்:

ஜி.ஆர்/ஐ.ஆர் இடைக்கணக்கு – பற்று 4,10,000
கொள்முதல் விலை வேறுபாடு – பற்று 5,000
உள்ளீட்டு வரி, சி.ஜி.எஸ்.டி – பற்று 37,350
உள்ளீட்டு வரி, எஸ்.ஜி.எஸ்.டி – பற்று 37,350
சப்ளையர் – வரவு 4,89,700

வேறுபாட்டுக் கணக்கில் பற்று என்றால் பாதகம். இன்வாய்ஸ் ரூ.780-க்கு வந்திருந்தால் வேறுபாடு வரவில் விழும்.

அடிக்கடி நடக்கும் முதல் தவறு, 'உண்மையில் கொடுத்த விலை இதுதானே' என்று இருப்புக் கணக்கிலேயே ரூ.830 வீதம் ஏற்றிவிடுவது. கம்பியை ஷாப் ஃப்ளோருக்குக் கொடுக்கும்போது சிஸ்டம் ரூ.800 வீதம்தான் கழிக்கும். 500 கிலோவும் தீர்ந்த பிறகும் இருப்புக் கணக்கில் ரூ.15,000 நிற்கும். அளவு பூஜ்யம், மதிப்பு மட்டும் மிச்சம். ஸ்டோர்ஸ் லெட்ஜரில் இப்படி ஒரு ஐட்டம் கண்ணில் பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்தது, இதைவிட விலை கூடுதலான தவறு: எடைக் குறைவை விலை வேறுபாட்டுக்குள் புதைப்பது. வந்தது 490 கிலோ, இன்வாய்ஸ் 500 கிலோவுக்கு. இன்வாய்ஸ் தொகை 4,15,000-லிருந்து இருப்பில் ஏறிய 3,92,000-ஐக் கழித்து, வந்த 23,000-ஐ அப்படியே வேறுபாட்டில் தள்ளிவிடுவார்கள். ஆனால் உண்மையான விலை வேறுபாடு வந்து சேர்ந்த 490 கிலோவுக்கு மட்டும்தான்: 490 × 30 = ரூ.14,700. மீதி ரூ.8,300, வராத 10 கிலோவின் விலை. அது சப்ளையரிடம் கேட்டு வாங்க வேண்டிய பணம். அதற்கான வரி ரூ.1,494-ம் கிரெடிட் நோட்டில் வர வேண்டும். வந்து சேராத சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுக்கவும் முடியாது. வேறுபாட்டில் தள்ளிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், பணமும் வராது. எனவே எப்போதும் ஜி.ஆர்.என்-ல் ஏற்றுக்கொண்ட அளவை வைத்தே பெருக்குங்கள்.

ஒப்பிடும் இரண்டு விலைகளும் ஒரே அடிப்படையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வரியோடு சேர்த்தால் இன்வாய்ஸ் விலை ரூ.979.40. வரி திரும்பக் கிடைக்கும்போது அதை ரூ.800-உடன் ஒப்பிட்டால் கொள்முதல் பிரிவு செய்யாத குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதன் மறுபக்கம் லாரி வாடகை: ஸ்டாண்டர்ட் விலையில் வாடகை சேர்ந்திருந்து, வாடகை பில் தனியாகச் செலவுக் கணக்குக்குப் போனால், ஒவ்வொரு கொள்முதலும் உள்ளதைவிட மலிவாகத் தெரியும்.

ஆண்டு இறுதியில் முழு ரூ.15,000-ஐயும் லாப நஷ்டக் கணக்குக்கு அனுப்பும் பழக்கமும் பலரிடம் இருக்கிறது. தொகை அற்பமாக இருந்தால் ஆடிட்டர் விட்டுவிடலாம். ஆனால் ஏ.எஸ் 2, இண்ட் ஏ.எஸ் 2 இரண்டுமே, உண்மை அடக்கவிலைக்கு நெருக்கமாக இருந்தால் மட்டுமே ஸ்டாண்டர்ட் விலையை இருப்புக்கு ஏற்கின்றன. 500 கிலோவில் 200 கிலோ ஸ்டோர்ஸிலும், 100 கிலோ விற்காத பம்புகளிலும் இருந்தால், 300 × 30 = ரூ.9,000 இன்னும் செலவாகவில்லை:

இருப்பு – விலை வேறுபாட்டுச் சரிக்கட்டல் – பற்று 9,000
கொள்முதல் விலை வேறுபாடு – வரவு 9,000

மீதி ரூ.6,000 மட்டும் விற்ற பொருளின் அடக்கத்துக்குப் போகும். சரிக்கட்டலைத் தனிக் கணக்கில் வைத்தால் ஐட்டம் வாரியான ஸ்டாண்டர்ட் மதிப்பு கலையாது. அந்தச் சரக்கு விற்றதும் இதை விற்ற பொருளின் அடக்கத்துக்கு மாற்றிவிடலாம். சாதக வேறுபாட்டுக்கும் இதே கணக்குதான். அதை முழுவதும் இந்த ஆண்டுக்கே எடுத்துக்கொண்டால், விற்காத சரக்கின்மேல் லாபம் காட்டியதாகிவிடும்.