"ஆயில் லீக், நடவடிக்கை எடுக்கவும்": சேஃப்டி ஆபீசருக்கு எழுதும் சீட்டில் நேரும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு, இரவு ஷிப்ட் முடிந்த ஒரு காலையில் என் மேசையில் ஒரு சேஃப்டி கார்டு கிடந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "பிரஸ் ஷாப்பில் ஆயில் லீக். வழுக்குது. உடனடி நடவடிக்கை எடுக்கவும்." பெயர் இல்லை, நேரமும் இல்லை. எங்கள் பிரஸ் ஷாப்பில் 11 ஹைட்ராலிக் பிரஸ்கள் இருந்தன.

முக்கால் மணி நேரம் சுற்றினேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் துப்புரவுப் பணியாளர் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். பிரஸ்களும் அப்போது ஓடவில்லை. எங்கும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. "ஆய்வில் காணப்படவில்லை" என்று எழுதி கார்டை மூடினேன். அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். எட்டு நாள் கழித்து பேலட் டிராலி இழுத்துவந்த ஹெல்பர் ஒருவர் 4ஆம் பிரஸ்ஸுக்குப் பின்னால் வழுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அதன் பிறகுதான் தெரிந்தது, அந்த ஒழுகல் பிரஸ் லோடு எடுக்கும்போது மட்டுமே வருகிறது. மெஷின் சும்மா நிற்கும்போது காய்ந்தே இருக்கிறது.

அந்த ஒரு கார்டை வைத்தே பேசலாம். நான் வழக்கமாகப் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை அதிலேயே இருக்கின்றன.

முதலில் இடம். "பிரஸ் ஷாப்" என்பது எழுதுகிறவருக்குப் போதும், ஏனென்றால் அவர் மனதில் அந்த மெஷின் நிற்கிறது. படிக்கிறவருக்கு அது ஒரு கூரை, அவ்வளவுதான். மெஷின் எண்ணும், தூணில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் "பின்பக்கம்", "இடதுபக்கம்" என்று எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு: யார் எங்கே நின்று பார்க்கும்போது இடது? "ஆபரேட்டர் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், பி-7 தூணுக்கும் பவர் பேக்குக்கும் நடுவில்" என்று எழுதினால் அந்த ஷெட்டுக்குள் அதுவரை கால் வைக்காத ஆள்கூட நேராக அங்கே போய் நிற்பார்.

எண்ணெய் கிடக்கும் இடம் வேறு, எண்ணெய் வரும் இடம் வேறு. தரையில் ஒரு மூலையில் தேங்கியிருக்கும்; வருவதோ மேலே நெஞ்சு உயரத்தில் இருக்கும் ஒரு ஹோஸிலிருந்து, பிரேம் வழியாக வழிந்து. இரண்டையும் எழுத முடிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் "எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை" என்று எழுதினாலே எனக்குப் பெரிய உதவி. தேடுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அதற்கான காரணத்துக்குக் கீழே வருகிறேன்.

நேரமும் இடத்தின் ஒரு பகுதிதான். "இரவு 2 மணி, பிரஸ் லோடில் ஓடும்போது" என்ற ஐந்தாறு சொற்கள் அந்தக் கார்டில் இருந்திருந்தால், நான் காலையில் நின்றுகொண்டிருந்த மெஷினைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்க மாட்டேன். போட்டோ எடுக்க அனுமதி உள்ள இடமென்றால் இரண்டு எடுங்கள்: மெஷின் எண் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, கிட்டப் போய் ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் வந்தால் உலகத்தில் உள்ள எல்லா எண்ணெய்க் கறையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அடுத்தது, என்ன ஆகும் என்பது. பலர் இங்கே "வழுக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் கார்டு யார் மேசைக்குப் போகிறது என்பதை முடிவு செய்வது இந்த வரிதான். வழுக்கும் என்று படித்தால் அது ஹவுஸ்கீப்பிங் வேலையாகிவிடும். மாப் வரும், துடைப்பார்கள், கார்டு மூடப்படும், மறுநாள் மறுபடி எண்ணெய். "ஹோஸின் மேல் ரப்பர் தேய்ந்து உள்ளே கம்பி வலை தெரிகிறது" என்று இருந்தால் அதே கார்டு மெயின்டனன்ஸுக்குப் போகும், பிரஸ்ஸை நிறுத்தும் பேச்சு வரும்.

கம்பி வலை தெரியும் ஹோஸ் ஏன் அத்தனை பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரஸ்ஸில் எண்ணெய் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தம் 8 பாரை ஒட்டித்தான் இருக்கும்; அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு அழுத்தத்தில் ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெய் சொட்டாது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கீற்றாகப் பீய்ச்சும். ஒழுகல் எங்கே என்று கையால் தடவிப் பார்த்தால் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது முள் குத்தியதுபோல ஒரு புள்ளி. முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. "ஒண்ணுமில்ல சார்" என்று வேலையைத் தொடர்வார்கள். உள்ளே எண்ணெய் விரலின் தசைநார்களின் வழியே பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரலாம். அதனால்தான் தேடாதீர்கள் என்றேன். தேடியே ஆக வேண்டுமென்றால் அது மெயின்டனன்ஸ் ஆளின் வேலை. அவரும் கையை நீட்ட மாட்டார், தள்ளி நின்று நீளமான அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எல்லாக் கார்டிலும் "உயிருக்கு ஆபத்து" என்று எழுதுவது. பாத்ரூம் டியூப்லைட் எரியவில்லை என்பதற்கு அப்படி எழுதி ஒரு கார்டு வந்தது. எல்லாம் அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை என்றுதான் படிக்கிறவர் மனம் பழகிக்கொள்ளும். அடைமொழிக்குப் பதிலாக யார், எத்தனை முறை, எப்படி என்று எழுதுங்கள். "பேலட் மாற்ற ஹெல்பர் ஷிப்டுக்கு 20 முறை அந்த வழியாக நடக்கிறார். ஆபரேட்டர் மானிட்டரைப் பார்க்க ஹோஸுக்கு அருகில் முகத்தை நீட்ட வேண்டியிருக்கிறது." இதைப் படித்தவருக்கு ஆபத்து என்ற சொல்லே தேவைப்படாது.

மூன்றாவது, என்ன செய்யலாம் என்பது. "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்பது மனு எழுதிப் பழகிய கை எழுதும் வரி; அதில் ஒன்றும் இல்லை. "தொழிலாளர்களுக்கு அறிவுரை வழங்கவும்", "எச்சரிக்கை போர்டு வைக்கவும்" என்பவையும் கிட்டத்தட்ட அப்படித்தான். போர்டு வைத்தாலும் ஹோஸ் தேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

சில யோசனைகள் புது ஆபத்தைக் கொண்டுவரும். "மரத்தூள் கொட்டலாம்" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். எண்ணெயில் ஊறிய மரத்தூளை அப்படியே விட்டுவைத்தால் அது தீப்பிடிக்கத் தயாராக இருக்கும் குவியல். பக்கத்தில் வெல்டிங் நடக்கும் ஷெட்டில் யோசித்துப் பாருங்கள். எண்ணெய் உறிஞ்சும் பேடு இருந்தால் அதைப் போட்டு, ஷிப்ட் முடிவில் மூடியுள்ள டப்பாவுக்குள் போடச் சொல்லலாம். இன்னொன்று, "ஜாயின்ட்டை டைட் செய்யவும்". பிரஸ் ஓடும்போது யாராவது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மோட்டாரை நிறுத்தினாலும் அக்யூமுலேட்டரில் அழுத்தம் தங்கியிருக்கும். அதை இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்து, மெயின் சுவிட்சுக்குப் பூட்டும் டேகும் போட்ட பிறகுதான் யாரும் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

யோசனையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: இன்றைக்கு என்ன, நிரந்தரமாக என்ன. நீங்கள் இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. எந்த கிளாம்ப், எந்த சைஸ் என்று தெரியாவிட்டால் "ஹோஸ் பிராக்கெட் விளிம்பில் உரசாதபடி செய்ய வேண்டும்" என்றால் போதும். ஏற்கெனவே என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் வருவதற்குள் நீங்கள் வைத்த தடுப்பை யாரோ எடுத்து ஓரம் கட்டியிருப்பார்கள். வைத்ததே எனக்குத் தெரியாது.

எண்ணெய் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போது கார்டு எழுத உட்காரவே கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துங்கள், ஆட்களை விலக்குங்கள், சூப்பர்வைசருக்குக் குரல் கொடுங்கள், எனக்கு போன் செய்யுங்கள். கார்டு அப்புறம். வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டுச் சொல்லியாயிற்று என்று நினைப்பதும் இதே வகைதான். பத்து குட்மார்னிங்குக்கு நடுவில் அது போய்விடும்.

ஆள்மேல் பழி போடுவதைப் பற்றிச் சுருக்கமாக. "மெயின்டனன்ஸ்காரங்க தூங்குறாங்க" என்று எழுதினால் பதில் ஹோஸைப் பற்றி வராது, தூக்கத்தைப் பற்றித்தான் வரும். "8ஆம் தேதி சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னேன், இன்னும் மாற்றவில்லை" என்று எழுதுவது பழி இல்லை, தகவல். ஒரே கார்டில் ஹோஸ், ஃபேன், கேன்டீன் தண்ணீர் மூன்றையும் சேர்க்காதீர்கள். ஃபேன் ஓடியதும் கார்டையே மூடிவிடுவார்கள். பெயர் போடப் பயமாக இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள், கார்டை நானே எழுதிக்கொள்கிறேன். பெயரில்லாத கார்டில் திரும்பக் கேட்க ஆள் இல்லை. அந்த முதல் கார்டில் எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஹெல்பர் விழுந்த அன்று 4ஆம் பிரஸ் ஆபரேட்டர் வந்து, முதல் கார்டைப் போட்டது தான்தான் என்றார். உட்கார்ந்து அதையே திரும்ப எழுதினோம்:

"இடம்: பிரஸ் ஷாப், 4ஆம் பிரஸ், ஆபரேட்டருக்கு எதிர்ப்புறம், பி-7 தூண் பக்கம். தரையில் சுமார் இரண்டடிக்கு மூன்றடி எண்ணெய். பவர் பேக்கிலிருந்து மேலே போகும் ஹோஸில், பிராக்கெட் தொடும் இடத்தில் ரப்பர் தேய்ந்து கம்பி வலை தெரிகிறது. லோடு எடுக்கும்போது மட்டும் கசிகிறது.
ஆபத்து: ஹோஸ் வெடித்தால் அருகில் நிற்பவர்மேல் எண்ணெய் பீய்ச்சும். டிராலி இழுப்பவர் வழுக்கி விழலாம், இன்று ஒருவர் விழுந்தார்.
செய்தது: பிரஸ் நிறுத்தப்பட்டது, நடைவழி மறிக்கப்பட்டது, சூப்பர்வைசருக்குத் தெரியும்.
யோசனை: அழுத்தம் இறக்கிப் பூட்டிய பிறகு ஹோஸை மாற்ற வேண்டும். புது ஹோஸ் பிராக்கெட்டில் உரசாதபடி செய்ய வேண்டும். இதே மாடல் உள்ள 5, 6ஆம் பிரஸ்களையும் பார்க்கவும்."

கடைசி வரி அவர் சேர்த்தது, எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலையே ஹோஸ் மாறியது, பிராக்கெட்டின் கூர்விளிம்பையும் தேய்த்து ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டார்கள். கார்டை நான் மூடவில்லை. இரண்டு நாள் கழித்து இரவு ஷிப்டில், முழு லோடில் பிரஸ் ஓடும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஹோஸுக்கு நேர் கீழே தரையில் விரித்திருந்த வெள்ளை அட்டை காய்ந்தே இருந்தது. 5ஆம் பிரஸ்ஸில் குறை இல்லை. 6ஆம் பிரஸ்ஸின் ஹோஸில் அதே இடத்தில் ரப்பர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது, இன்னும் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.