தெருமுனைத் திடலில் சின்னக் கூத்து மேடை: படிக்கட்டுக் கணக்கு முதல் ஒப்பனை அறைக் கதவு வரை

திறந்தவெளி அரங்கம் வரையச் சொன்னால் முதல்முறை வரைபவர்கள் பெரும்பாலும் தரையைத் தோண்டித்தான் தொடங்குகிறார்கள். கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அதன் அடியில் மேடை, சுற்றிலும் கீழிறங்கும் படிகள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ அதைக் கட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் அது குளமாகிவிடும். பள்ளத்தின் அடி பக்கத்துத் தெருவின் மழைநீர் வடிகாலைவிடக் கீழே போனால், மோட்டார் வைத்துத்தான் தண்ணீரை இறைக்க வேண்டும். அதனால் வடசென்னையில் முதல் விதி இது: தோண்டாதீர்கள், மேலே ஏற்றுங்கள்.

எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் இந்தப் பதிவு. தண்டையார்பேட்டைப் பக்கம் 40 அடி அகலம், 60 அடி நீளத்தில் ஒரு தெருமுனைத் திடல் இருப்பதாக வைத்துக்கொண்டு, கூத்துக்கும் கானாவுக்கும் பறைக்கும் பொருந்துகிற ஒரு இடத்தை வரைந்து பார்ப்போம். கொத்தனாரிடம் பேசப்போவது அடி, அங்குலத்தில் என்பதால் கணக்கும் அதிலேயே இருக்கட்டும்.

1. திசையும் வழியும்

மாலை நிகழ்ச்சி என்றால் மேற்கு வெயில்தான் முதல் பிரச்சினை. சென்னையில் நவம்பர் கடைசியில் ஐந்தே முக்கால் மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஜூலையில் ஆறரைக்கு மேல் ஆகும். பார்வையாளர்கள் மேற்கைப் பார்த்து உட்கார்ந்தால் அதுவரை மேடையில் எதுவும் தெரியாது. ஆடுபவர்கள் மேற்கைப் பார்த்தால் அவர்களுக்குக் கண் கூசும். நீளவாக்கு வடக்கு தெற்காக அமைந்தால் வெயில் இருவருக்கும் பக்கவாட்டில் போய்விடும். நம் திடலில் மேடை தெற்கு ஓரம், படிகள் வடக்கு ஓரம்.

கோடு போடுவதற்கு முன் தெருக்காரர்களிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: திருவிழாவில் சப்பரம் எந்த வழியாகப் போகும், எங்கே திரும்பும்? அந்த வழியில் ஒரு படி நீட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த ஆண்டே இடித்துவிடுவார்கள். இடிப்பதும் நியாயம்தான்.

2. மேடை உயரம்

அரசியல் கூட்ட மேடை நாலு, ஐந்து அடி உயரம் இருக்கும். நின்றுகொண்டு பார்க்கும் கூட்டத்துக்கு அது சரி. கூத்தில் பார்க்க வேண்டியது ஆடுபவரின் கால்களை. சலங்கை கட்டிய பாதம் தெரியாவிட்டால் ஆட்டத்தில் பாதி போய்விடும்.

பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்த பெரியவரின் கண், தரையிலிருந்து சுமார் 28 அங்குலத்தில் இருக்கும். குழந்தைக்கு இன்னும் கீழே. மேடையை 3 அடி உயர்த்தினால் முன்னால் உட்கார்ந்த எல்லோருக்கும் மேடையின் விளிம்புச் சுவர்தான் தெரியும். 2 அடி என்றாலும் குழந்தைகளின் கண் மேடைத் தளத்தின் மட்டத்திலேயே நிற்கும். நான் 18 அங்குலத்துக்கு மேல் போகமாட்டேன். ஆறு அங்குலமாக மூன்று படி ஏறினால் மேடை. 24 அடி அகலமும் 16 அடி ஆழமும் இருந்தால் இரண்டு பேர் சுழன்று ஆடவும், பின்னால் பெஞ்சு போட்டுப் பின்பாட்டுக்காரர்கள் உட்காரவும் இடம் போதும்.

3. படிகளின் உயரம்

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். ஒரு வெட்டுப்படம் வரையுங்கள். அரங்கத்தைப் பக்கவாட்டில் அறுத்துப் பார்ப்பதுபோல, கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஒரு அடி. மேடையின் முன் விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த விளிம்பில் நிற்பவரின் பாதம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் நம் இலக்கு.

ஒருவரின் கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் சுமார் 5 அங்குலம். பின்வரிசைக்காரரின் பார்வை, முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு 5 அங்குலம் மேலே போனால் தலை மறைக்காது. இதைக் கணக்காக எழுதினால்:

பின்வரிசை உயரம் = (முன்வரிசை உயரம் + 5) × பின்வரிசைத் தூரம் ÷ முன்வரிசைத் தூரம்

உயரம் என்பது மேடைத் தளத்துக்கு மேலே கண் இருக்கும் உயரம். தூரம் என்பது மேடை விளிம்பிலிருந்து கண் இருக்கும் இடம் வரை. இரண்டும் அங்குலத்தில்.

நம் திடலில் முதல் வரிசையின் கண் 12 அடியில், அதாவது 144 அங்குலத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு படியின் ஆழமும் 30 அங்குலம்: உட்கார 18, பின்வரிசைக்காரர் கால் வைக்க 12. படி உயரம் 14 அங்குலம் என்று வைத்துப் பார்ப்போம். முதல் படியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 14 + 28 = 42. மேடை 18 போனால் 24.

இரண்டாம் வரிசைக்குத் தேவை (24 + 5) × 174 ÷ 144, அதாவது 35 அங்குலம். நம்மிடம் 24 + 14 = 38 இருக்கிறது, மூன்று அங்குலம் மிச்சம். மூன்றாம் வரிசைக்குத் தேவை 50.4, இருப்பது 52. நான்காவதற்கு 65.4, இருப்பது 66. ஐந்தாவதற்கு 80.1, இருப்பது 80. மிச்சம் குறைந்துகொண்டே வந்து ஐந்தாவது வரிசையில் தீர்ந்துவிட்டது பாருங்கள். தூரம் போகப் போக ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகமாக உயர வேண்டும் என்பதால் இப்படி. ஆறாவது படி வேண்டும் என்றால் அதைத் தனியாக உயர்த்த வேண்டும், கொத்தனாருக்கும் குழப்பம். ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாயில் இருப்பவர்கள் முதல் படியை மறைப்பார்களா? 8 அடித் தூரத்தில் முதல் படிக்காரரின் பார்வைக்கோடு தரையிலிருந்து 34 அங்குலத்தில் போகிறது. அங்கே உட்கார்ந்த பெரியவரின் உச்சி 33. மயிரிழையில் தப்பிக்கிறது. அதைவிட முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்தால் பாதம் மறையும், அதனால் மேடையை ஒட்டிய பாய் குழந்தைகளுக்கு. எப்படியும் அவர்கள்தான் முதலில் வந்து பிடிப்பார்கள்.

14 அங்குலத்தைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உட்காரும் உயரம்தான், ஏறும் உயரம் அல்ல. சேலை கட்டிய பாட்டி அதில் ஏறமுடியாது. இரு ஓரங்களிலும் 3 அடி அகலத்துக்கு ஒவ்வொரு படியையும் இரண்டாகப் பிரித்தால் 7 அங்குல உயரமும் 15 அங்குல அகலமும் கொண்ட நடைபடி கிடைத்துவிடும். நடைபாதையை நடுவில் வைக்காதீர்கள், நன்றாகத் தெரியும் இடம் அதுதான். நடுவில் மிச்சமுள்ள 24 அடியில் ஆளுக்கு ஒன்றரை அடி என்றால் வரிசைக்கு 16 பேர், மொத்தம் 80 பேர். பாயில் 25, 30 பேர். படியே ஏறமுடியாதவர்களுக்குத் தரையில் நாற்காலி போடவும் சக்கர நாற்காலி நிற்கவும் முதல் படியின் ஒரு முனைக்குப் பக்கத்தில் இடம் விடுங்கள்.

ஐந்தாவது படி தரையிலிருந்து 70 அங்குலம், கிட்டத்தட்ட ஆறு அடி. அதன் பின்னால் மூன்றரை அடிக் கைப்பிடிச் சுவர் கட்டாயம். பிள்ளைகள் அந்தப் படியில் ஏறி நிற்பார்கள் என்பதால் சுவரின் உயரத்தைப் படியின் மேல்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

4. நூல் கட்டிப் பாருங்கள்

கணக்கை நம்பி நேராகக் கான்கிரீட் போடவேண்டாம். மேடை விளிம்பு வரும் இடத்தில் 18 அங்குலத்துக்குச் செங்கல் அடுக்குங்கள். வரிசைகள் வரும் தூரத்தில் சவுக்குக் கழிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் அந்த வரிசைக்காரரின் கண் உயரத்தையும் அதற்கு 5 அங்குலம் மேலே உச்சியையும் குறியுங்கள். செங்கல் விளிம்பிலிருந்து ஒவ்வொரு கண் குறிக்கும் கொத்தனார் நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் முன்கழியின் உச்சிக்குறிக்குக் கீழே போனால் அந்த வரிசைக்கு மறைக்கும். உயரங்களைத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்துத்தான் குறிக்க வேண்டும். தெருத்தரை மட்டமாக இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும், இருக்காது.

5. ஒப்பனை அறை

படிக்கட்டுக்கு அடியில் காலியிடம் இருக்கிறதே, அங்கேயே அறை போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். தளத்தின் கனம் போனால் உயரம் ஐந்தரை அடிகூட வராது. அதைவிட மோசம், வேஷம் கட்டியவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போக வேண்டும். படிக்கடியில் பாயும் நாற்காலியும் வைக்கலாம்.

அறை மேடைக்குப் பின்னால், மேடைத் தளத்தின் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். 24 அடிக்கு 12 அடி எடுத்துக்கொண்டு பெரிய அறை, பெண்களுக்குத் தனி அறை, கழிவறை என்று பிரியுங்கள். மேடைப் பக்கச் சுவர் முழுக்கச் செங்கல் சுவராக இருக்கட்டும், குரலை முன்னால் திருப்பி அனுப்ப அது உதவும். கடைசி வரிசையே 22 அடியில்தான் இருப்பதால் நல்ல தொண்டைக்கு மைக் தேவைப்படாது. திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. விடியவிடியக் கூத்து நடத்துபவர்களுக்கு இது முக்கியம்.

சாதாரண வீட்டுக் கதவு இங்கே உதவாது. கிரீடம், புஜகீர்த்தி, விரிந்த பாவாடை எல்லாம் கட்டிய ராஜா வேஷம் இரண்டரை அடிக் கதவில் நுழையாது. பக்கவாட்டில் திரும்பி நுழைந்தால் கட்டை நகைகளில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் உதிரும். மேடைக்குப் போகும் கதவு 4 அடி அகலம், 8 அடி உயரம். அதில் வாசற்படிக் கட்டை வைக்கக்கூடாது, கிரீடத்தோடு குனிந்து கால் பார்க்க முடியாது.

கூத்துக் கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து அரிதாரம் பூசுவார்கள். நாற்காலி உயரத்துக்கு மேசையும் கண்ணாடியும் பதித்தால் அது துணி வைக்கத்தான் பயன்படும். தரையில் உட்கார்ந்தவர் முகம் தெரியும்படி கண்ணாடியைத் தாழ்வாக வைத்து, இரு பக்கமும் விளக்கு போடுங்கள். மேலே ஒரே விளக்கு என்றால் கண்குழியில் நிழல் விழும், வர்ணம் ஒழுங்காக வராது. ஜன்னல் ஆறு அடிக்கு மேலே இருந்தால் காற்றும் வரும், தெருவிலிருந்து எட்டிப் பார்க்கவும் முடியாது. முகவர்ணத்தை எண்ணெய் தேய்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால் கழுவுமிடத்துக் கழிவுநீர்க் குழாய் அகலமாக இருக்கட்டும்.

18 அங்குல மட்டம் வெள்ளத்துக்குப் போதுமா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் காட்டுவார். அந்தக் கறை அதைவிட மேலே இருந்தால் மேடையை உயர்த்தாதீர்கள், நம் கணக்கெல்லாம் போய்விடும். அறைக்குள் பெட்டிகள் வைக்க மூன்றடி உயரத்தில் கடப்பா கல் பலகை போட்டு, மின் பெட்டியைத் தோளுக்கு மேலே வையுங்கள்.

மேடைக்கும் அறைக்கும் பொதுவாக ஒரு சாய்தளம் வேண்டும். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில் 18 அங்குலத்துக்கு 18 அடி. மேடையின் பக்கவாட்டில் 8 அடி இடம் இருக்கிறது, அங்கே 4 அடி அகலத்தில் போகும்.

6. தளமும் தண்ணீரும்

மேடைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். வெறுங்காலில் ஆடுபவர் வியர்வையிலேயே வழுக்குவார். சொரசொரப்பாகத் தேய்த்த சிமெண்ட் தளம் போதும். 16 அடி ஆழத்தில் முன்பக்கமாக இரண்டு அங்குலம் சரியட்டும். ஒவ்வொரு படியும் முன்னால் அரை அங்குலம் சரிய வேண்டும். முதல் படிக்கு முன்னால் கம்பிவலை மூடிய ஓடை ஒன்று, அதன் அடிமட்டம் தெரு வடிகாலின் அடிமட்டத்தைவிட உயரமாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள். காசிமேடு, ராயபுரம் மாதிரி கடற்கரையோரம் என்றால் கைப்பிடிக்குச் சாதாரண இரும்புக் குழாய் போடாதீர்கள், உப்புக்காற்றில் அரித்துப்போகும். துத்தநாகம் பூசிய குழாயாவது வேண்டும்.

தளம் காய்ந்ததும், மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன், மேல்படியிலிருந்து பத்துக் குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்தும் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, அவரையே சரிசெய்யச் சொல்லுங்கள்.