செல்ஃப் சுத்துது, வண்டி ஸ்டார்ட் ஆகல: திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

கடலூரில் மழைக்காலம் தொடங்கினால் காலை எட்டு மணிக்கே கடை வாசலில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். சாவி, கில் சுவிட்ச், டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுகிறார்கள். தொழில் கற்ற காலத்தில் நானும் அங்கேதான் தடுமாறினேன். இங்கே சொல்வது கார்புரேட்டர் வண்டிகளுக்கு மட்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் சோக் கிடையாது.

டேங்கை ஆட்டிப் பார்த்து முடிவு செய்வது

டேங்கில் பெட்ரோல் சலசலத்தால் மட்டும் போதாது, அது கார்புரேட்டர் வரைக்கும் வந்து சேர வேண்டும். சூடு ஆறிய இன்ஜினில், கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவை லேசாகத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். சொட்டிவிட்டு நின்றுபோனால் பெட்ரோல் டேப்பையோ டேங்க் மூடியின் காற்றுத் துளையையோ பாருங்கள். மூடியைத் திறந்ததும் ஓட்டம் வந்துவிட்டால் அடைப்பு அந்தத் துளையில்தான். பாட்டிலின் அடியில் முத்து முத்தாகத் தனியே உருண்டு நின்றால் அது தண்ணீர்.

சோக்கை இழுத்துவிட்டு செல்ஃபை அழுத்திக்கொண்டே இருப்பது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கோபம் வரவைப்பது இந்தத் தவறுதான். காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டுவதுதான் சோக்கின் வேலை. ஆறிக் கிடக்கும் இன்ஜினுக்கு இரண்டு மூன்று தடவை அது போதும். அதற்குள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. மேலே மேலே அழுத்தினால் எரியாத பெட்ரோல் பிளக்கை நனைக்கும். நனைந்த பிளக் நெருப்புப் பொறி விடாது.

போன நவம்பரில் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி 125 சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்க வண்டி மழையில் நின்றிருக்கிறது.

“அண்ணே, புது பிளக்கே போட்டுட்டேன், அப்பவும் ஸ்டார்ட் ஆகல.”

“எவ்வளவு நேரம் செல்ஃப் அடிச்சே?”

“இருபது நிமிஷம் இருக்கும்ணே.”

சோக் இன்னும் மேலேயே இருந்தது. பேட்டரி இறங்கிவிட்டது. புது பிளக்கைக் கழற்றினால் அதன் முனையிலும் பெட்ரோல் சொட்டியது. சோக்கை இறக்கி, சாவியை ஆஃப் செய்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து, பிளக் இல்லாமலே கிக்கரை ஏழெட்டு தடவை உதைத்தேன். உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியாகப் பீய்ச்சி வெளியே வந்தது. அப்போது பக்கத்தில் பீடியோ தீப்பொறியோ இருக்கவே கூடாது.

நல்ல பேட்டரி மாட்டி, பழைய பிளக்கைத் துளையில் திருகிவைத்துவிட்டு, வேறொரு காய்ந்த பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பை இன்ஜின் மேல் படும்படி வைத்துப் பொறியைச் சோதித்தேன். மஞ்சளாக, விட்டு விட்டு வந்தது. கேப்பைத் திருகிக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. கடற்காற்றும் மழை ஈரமும் சேர்ந்து செய்த வேலை. ஒயரின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புதுக் கேப் போட்டதும் நீலப் பொறி ‘டக் டக்’ என்று வந்தது. மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஆனால் அதோடு முடியவில்லை. ஆயில் குச்சியை எடுத்து மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் தேய்மானம்தான். உடனே மாற்றினேன். ஒரு கேப்போடு முடிய வேண்டியது பிளக், ஆயில், பேட்டரி சார்ஜ் என்று வளர்ந்துவிட்டது. அதனால் சொல்கிறேன்: செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், நடுவே பத்து விநாடியாவது விடுங்கள். மூன்று தடவைக்குப் பிறகு கையைச் செல்ஃபிலிருந்து எடுத்துவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக்கைப் பார்க்காமலே மாற்றுவது

கழற்றிய பிளக்கே திசையைச் சொல்லிவிடும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, கார்புரேட்டர் பக்கம் போங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியையும் கேப்பையும் பாருங்கள். கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு.

பிளக்கை ஸ்பேனரால் ஆரம்பிப்பது

முதல் நாலைந்து சுற்று கையால் மட்டும். ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு பெரிது.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது

இதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். ஃபில்டரை வெளியே எடுத்ததும் வண்டி பிடித்தால் அடைப்போ ஈரமோ அதில்தான். சோதித்து முடித்ததும் இன்ஜினை நிறுத்திவிடுங்கள், அப்படியே ரோட்டில் ஓட்டாதீர்கள். கடற்கரை மணல் நேராக சிலிண்டருக்குள் போகும். பேப்பர் ஃபில்டர் வெள்ளத்தில் நனைந்திருந்தால் கழுவிக் காயவைக்காமல் புதிதாகவே மாற்றுங்கள்.