இடம், வலம், முன், பின்: மனதில் உள்ள காட்சியைப் பிசகாமல் எழுதிக்கொடுப்பது எப்படி?

ஓர் ஓவியருக்குப் படக்குறிப்பு எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காட்சி இதுதான்: மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்து எழுதுகிறாள். மேசையில் விளக்கு, புத்தக அடுக்கு, கோப்பை. தரையில் ஒரு பூனை. முதன்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்:

> பெண் மேசையில் எழுதுகிறாள். இடப்பக்கம் விளக்கு. பக்கத்தில் புத்தகங்கள். அதற்கு முன்னால் கோப்பை. கீழே பூனை.

படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. வரைய உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும்.

படி 1: யாருடைய இடப்பக்கம்?

அதிகம் பிசகுவது இங்கேதான். அந்தப் பெண் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே அவளுடைய இடக்கை படத்தின் வலப்பாதியில் வரும். 'இடப்பக்கம் விளக்கு' என்றால் அவளுக்கு இடமா, பார்க்கிற நமக்கு இடமா?

துறைக்குத் துறை வழக்கம் மாறுகிறது. ஆங்கில நாடக மேடை வழக்கில் இடம் என்பது பார்வையாளர்களை நோக்கி நிற்கும் நடிகரின் இடம். மருத்துவர் பார்க்கும் மார்பு எக்ஸ்ரேயில் நோயாளியின் இடப்பக்கம் வழக்கமாகப் படத்தின் வலப்புறம் இருக்கும். ஓவியர் எந்தப் பழக்கத்தில் படிப்பார் என்று ஊகிக்க வேண்டாம். குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: "இடம், வலம் எல்லாம் படத்தைப் பார்ப்பவருடையவை." உடல் உறுப்புக்கு மட்டும் 'அவளுடைய வலக்கை' என்று உரிமையோடு எழுதி, அது படத்தில் எங்கே வரும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அவள் வலக்கையால் எழுதுகிறாள். கையின் நிழல் தாளில் விழாதிருக்க விளக்கு அவளுக்கு இடப்புறம், அதாவது படத்தின் வலப்புறம் இருக்க வேண்டும் என்பது நம் திட்டம். ஓவியர் அதைப் படத்தின் இடப்புறம் வைத்துவிட்டால், எழுதுகிற இடத்திலேயே நிழல் விழும். விளக்கை மட்டும் நகர்த்தினால் போதாது, முகத்தில் விழும் வெளிச்சத்தையும் மாற்றி வரைய வேண்டியிருக்கும்.

படி 2: நகராத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பெரிய, அசையாத பொருள் ஒன்றை முதலில் சட்டகத்தில் நிறுத்துங்கள். இங்கே அது மேசை. மற்றவற்றை அதிலிருந்து சொல்லுங்கள். விளக்கிலிருந்து புத்தகம், புத்தகத்திலிருந்து கோப்பை என்று சங்கிலியாகப் போனால், முதல் பொருள் பிசகும்போது மிச்சமெல்லாம் அதன் பின்னாலேயே போய்விடும்.

'பக்கத்தில்' என்ற சொல்லை அடித்துவிடலாம் என்பேன். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று அது எதையும் சொல்வதில்லை. 'மேசையின் இடக்கோடியில்', 'மேசை விளிம்பிலிருந்து ஒரு கோப்பை அகலம் தள்ளி' என்று படத்தில் இருக்கிற பொருளாலேயே அளந்து எழுதுங்கள்.

படி 3: முன்னும் பின்னும்

நாற்காலிக்கு முகப்பு உண்டு. அதனால் 'நாற்காலிக்கு முன்னால்' என்பதை நாற்காலி பார்க்கும் திசை என்றும் எடுக்கலாம், நமக்கு அருகில் என்றும் எடுக்கலாம். நாற்காலி நமக்கு முதுகு காட்டி நின்றால் இரண்டும் நேரெதிர். 'நமக்கு அருகில்', 'நமக்கு அப்பால்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் எது எதை மறைக்கிறது என்று சொல்லுங்கள்.

இப்போது அதே குறிப்பு:

> இடம், வலம் எல்லாம் படத்தைப் பார்ப்பவருடையவை. படம் அகலவாட்டில். மேசை நடுவில், படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு அப்பால், நடுவில், பெண் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், பார்வை தாளில். அவளுடைய வலக்கையில் (படத்தில் இடப்புறம்) பேனா. மேசையின் வலக்கோடியில் விளக்கு, இடக்கோடியில் புத்தக அடுக்கு. புத்தக அடுக்கைவிட நமக்கு அருகில் கோப்பை. அடுக்கின் அடிப்புத்தகத்தைக் கொஞ்சம் மறைக்கிறது. தரையில், மேசையின் வலக்காலுக்கு வெளியே பூனை, முகம் படத்தின் இடப்புறம் திரும்பியிருக்கிறது.

பூனைக்கு முகம் திரும்பிய திசையையும் சொன்னதைக் கவனியுங்கள். அதைச் சொல்லாவிட்டால் பூனை சட்டகத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும், பார்ப்பவரின் கண்ணும் அதோடு வெளியே போகும்.

படி 4: அனுப்பும் முன்

திட்டம் தெரியாத ஒருவரிடம் குறிப்பை மட்டும் கொடுத்துக் கட்டங்களும் வட்டங்களுமாக வரையச் சொல்லுங்கள். அழகு தேவையில்லை. அவர் எங்கே பேனாவை நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியில் ஓட்டை இருக்கிறது. முழுப்படமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாக வந்திருந்தால், முதல் வரி விடுபட்டிருக்கிறது அல்லது அவர் கண்ணில் படவில்லை. ஒரு பொருள் மட்டும் இடம் மாறியிருந்தால், அந்த வாக்கியத்தை மட்டும் திருத்தினால் போதும்.

ஏழெட்டுப் பொருள்களுக்கு மேல் போனால் எழுத்தோடு மல்லுக்கட்டாமல் ஒரு கிறுக்கல் படத்தையும் இணைத்துவிடுங்கள். படமும் எழுத்தும் முரண்பட்டால் எதைப் பின்பற்ற வேண்டும் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.