பிப்ரவரியில் வியாபாரம் உண்மையிலேயே குறைந்ததா? மாத மொத்தத்தை நாள் கணக்குக்கு மாற்றும் முறை

ஜனவரிக்கு 31 நாள், பிப்ரவரிக்கு 28 நாள். ஒரு கடையில் தினமும் ஒரே அளவு விற்றாலும், பிப்ரவரியின் மொத்தம் ஜனவரியைவிட ஏறத்தாழ 9.7 விழுக்காடு குறைவாகத்தான் வரும். மூன்று நாள் விற்பனை இல்லை, அவ்வளவுதான். ஆனால் மாத வாரியாக வரைபடம் போட்டால் அது பெரிய சரிவாகத் தெரியும். அதை நம்பிச் சரக்கைக் குறைத்துவிட்டால், மார்ச் மாதம் வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுக்க முடியாமல் போகும்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சைவ உணவகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் கடை உண்டு. விற்பனைத் தொகைகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. நாட்களும் கிழமைகளும் 2025 நாட்காட்டியில் உள்ளபடியே.

| மாதம் | விற்பனை (ரிங்கிட்) |
|---|---|
| ஜனவரி | 93,000 |
| பிப்ரவரி | 85,400 |
| மார்ச் | 91,450 |

மொத்தத்தை மட்டும் பார்த்தால் பிப்ரவரியில் 8.2 விழுக்காடு இறக்கம், மார்ச்சில் 7.1 விழுக்காடு ஏற்றம்.

முதல் படி: மாதத்தின் நாட்களால் வகுப்பது

கூகுள் ஷீட்ஸ், எக்செல் இரண்டிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும். A பத்தியில் மாதத்தின் பெயரை எழுதாமல் அந்த மாதத்தின் முதல் தேதியைப் போடுங்கள். B பத்தியில் விற்பனைத் தொகை. C2 கட்டத்தில் மாதத்தின் நாட்கள், D2 கட்டத்தில் நாள் சராசரி:

```
=DAY(EOMONTH(A2,0))
=B2/C2
```

இரண்டையும் கீழே இழுத்துவிட்டால் ஜனவரிக்கு 3,000, பிப்ரவரிக்கு 3,050, மார்ச்சுக்கு 2,950 ரிங்கிட் என்று வரும். கதையே தலைகீழாகிவிட்டது. இறங்கியதாகத் தெரிந்த பிப்ரவரி 1.7 விழுக்காடு ஏறியிருக்கிறது. ஏறியதாகத் தெரிந்த மார்ச் 3.3 விழுக்காடு இறங்கியிருக்கிறது.

மேலே போவதற்கு முன் C பத்தியை ஒரு முறை கண்ணால் பாருங்கள். பிப்ரவரிக்கு நேரே 31 என்று இருந்தால், 1/2/2025 என்று நீங்கள் அடித்ததைக் கணினி ஜனவரி 2 என்று படித்திருக்கிறது. அமெரிக்க முறையில் தேதி அமைந்திருக்கும் கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். 2025-02-01 என்று அடித்தால் குழப்பம் வராது.

நடப்பு மாதம் இன்னும் முடியவில்லை என்றால், இந்தச் சூத்திரம் முழு மாதத்தால் வகுத்துச் சராசரியைக் கீழே தள்ளிவிடும். அந்த ஒரு வரியில் மட்டும் இதுவரை கடந்த நாட்களைக் கையால் போடுங்கள்.

இரண்டாம் படி: கடை திறந்திருந்த நாட்களால் வகுப்பது

மார்ச்சில் விழுந்த அந்த 3.3 விழுக்காட்டை அப்படியே நம்பலாமா? 2025 மார்ச்சில் ஐந்து திங்கட்கிழமைகள். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான்குதான். ஆக, கடை திறந்திருந்தது ஜனவரியில் 27, பிப்ரவரியில் 24, மார்ச்சில் 26 நாள். திங்கட்கிழமையை மட்டும் விட்டுவிட்டு எண்ணும் சூத்திரம் இது:

```
=NETWORKDAYS.INTL(A2,EOMONTH(A2,0),12)
```

கடைசியில் உள்ள 12 திங்கள் விடுமுறையைக் குறிக்கிறது. ஞாயிறு விடுமுறை என்றால் 11 போட வேண்டும். பெருநாளுக்காகக் கடை மூடிய நாட்களை இதிலிருந்து தனியாகக் கழியுங்கள். அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் மார்ச் 31, திங்கட்கிழமையில் வந்ததால் இந்தக் கடைக்கு அதைக் கழிக்கும் வேலை இல்லை.

இப்படி வகுத்தால் ஜனவரிக்கு 3,444, பிப்ரவரிக்கு 3,558, மார்ச்சுக்கு 3,517 ரிங்கிட். மார்ச் மாத இறக்கம் வெறும் 1.2 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. வார விடுமுறை உள்ள எந்தக் கடைக்கும் நான் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். நாட்காட்டி நாளால் வகுப்பது, தினமும் திறந்திருக்கும் கடைக்கும் மின்சாரம், தண்ணீர் போல ஒரு நாளும் நிற்காத செலவுக்கும் பொருந்தும்.

மூன்றாம் படி: எந்தக் கிழமைகள் கூடின?

திறந்த நாட்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. பிப்ரவரியையும் மார்ச்சையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தால், செவ்வாய் முதல் வெள்ளி வரை இரண்டிலும் 16 நாள். சனி ஞாயிறு பிப்ரவரியில் 8, மார்ச்சில் 10. கூடுதலாகக் கிடைத்த இரண்டு நாட்களும் வார இறுதி நாட்கள்தாம். அவற்றை எண்ணும் சூத்திரம்:

```
=NETWORKDAYS.INTL(A2,EOMONTH(A2,0),"1111100")
```

திங்களில் தொடங்கும் ஏழு இலக்கங்கள் இவை. 1 என்றால் விட்டுவிடு, 0 என்றால் எண்ணு.

இந்த உணவகத்தில் சனி ஞாயிறுகளில் நாளுக்குச் சராசரி 4,500 ரிங்கிட் விற்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் வேறு எந்த மாற்றமும் இல்லாமலே மார்ச் மொத்தம் 85,400 உடன் 9,000 சேர்ந்து 94,400 ஆகியிருக்க வேண்டும். வந்ததோ 91,450. குறை 2,950 ரிங்கிட், அதாவது 3.1 விழுக்காடு. சராசரியில் சின்னதாகத் தெரிந்த இறக்கம், கூடுதல் வார இறுதிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் கடைக்காரரிடம் பேச வேண்டும், சூத்திரம் இனி உதவாது. 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. பூசத்தன்று சைவ உணவகத்தில் கூட்டம் எப்படியிருக்கும் என்று பினாங்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அன்றைய ரசீதுகளைக் கூட்டிப் பார்த்ததில் 5,900 ரிங்கிட், மற்ற வேலை நாட்களின் சராசரி 2,900 என்று வந்தால், அந்த ஒரே நாள் பிப்ரவரிக்கு 3,000 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. மார்ச்சில் தேடிய 2,950 ஏறத்தாழ இதுதான். ஆக, மார்ச்சில் வியாபாரம் விழவில்லை.

எதை வகுக்கக் கூடாது

நாட்கள் கூடினால் தானாகக் கூடும் தொகைகளை மட்டுமே வகுக்கலாம். கடை வாடகை 28 நாளானாலும் 31 நாளானாலும் ஒன்றுதான். அதை வகுத்தால் பிப்ரவரியில் வாடகை ஏறியது போல் ஒரு பொய்த் தோற்றம் வரும். மாதச் சம்பளமும் அப்படியே. ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு பில் என்பது ஏற்கெனவே சராசரி. மாதக் கடைசியில் கையிருப்பில் உள்ள அரிசி மூட்டைகள் ஒரு நாளின் நிலை. இவற்றையும் வகுக்காதீர்கள்.

காலாண்டுக்கு நாள் சராசரி வேண்டுமென்றால் மூன்று சராசரிகளைக் கூட்டி மூன்றால் வகுக்காமல், மொத்த விற்பனை 269,850ஐ மொத்தம் 90 நாட்களால் வகுத்து 2,998 என்று எடுங்கள். இங்கே வேறுபாடு இரண்டு ரிங்கிட்தான். மாதங்களுக்கிடையே விற்பனை மிகவும் மாறும் கடையில் அது பெரிதாகும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுபவர்கள் தைப்பூசத்துக்கென்று தனிப் பத்தி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் அது ஜனவரி 25, அதுவும் பிப்ரவரிக்கு 29 நாள் இருந்த ஆண்டு. 2025இல் பிப்ரவரி 11. 2026இல் பிப்ரவரி 1, ஞாயிறு. பினாங்கில் இரதம் முதல் நாளே புறப்படும் என்பதால், 2026இல் இரத ஊர்வலத்தின் வியாபாரம் ஜனவரி 31இலும் பூச நாளின் வியாபாரம் பிப்ரவரியிலுமாகப் பிரிந்து விழும். அந்த இரண்டு நாள் ரசீதுகளையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி நாட்களுக்கு மட்டும் சராசரி எடுத்த பிறகுதான் 2025 உடன் ஒப்பிட வேண்டும்.