வேலை இடைவெளியை ரெஸ்யூமேயிலும் இன்டர்வியூவிலும் சொல்வது எப்படி: உள்ளதை உள்ளபடி, நாலே வரியில்

ரெஸ்யூமேயில் இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒன்றரை வருடம் காலியாக இருந்தால் இன்டர்வியூ எடுப்பவர் கட்டாயம் கேட்பார். கேட்பது அவர் வேலை. அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயங்கள்: ஏன் நின்றீர்கள், அந்தக் காரணம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது, வேலைத் திறன் இன்னும் கைவசம் இருக்கிறதா. பெரும்பாலானவர்கள் முதல் கேள்விக்கு ஐந்து நிமிடம் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். வேலை கொடுப்பவரின் உண்மையான கவலையோ அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது: சேர்ந்த மூன்றாம் மாதத்தில் அதே காரணத்துக்காகப் போய்விடுவாரோ?

இடைவெளிகள் பல வகை. பலருக்கு வருவதும், பேசும்போது பலர் சறுக்குவதும் குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்ட இடைவெளி. அதையே எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் ஏறக்குறைய ஐந்து வருடம் வேலை பார்த்த ஒரு பெண். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததால் 2022 மார்ச்சில் வேலையை விட்டார். 2023 நவம்பரில் மறுபடி வேலை தேடுகிறார்.

படி 1: தேதிகளை ஆவணத்தில் இருந்து எடுங்கள்

நினைவில் இருந்து எழுதாதீர்கள். ரிலீவிங் லெட்டரையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். நம் உதாரணத்தில் அவர் ராஜினாமா கொடுத்தது பிப்ரவரி கடைசியில். ஒரு மாத நோட்டீஸ் முடிந்து கடைசியாக வேலை பார்த்த நாள் மார்ச் 31. ரெஸ்யூமேயில் வர வேண்டியது அந்தக் கடைசி நாள்தான். ஆக, இடைவெளி ஏப்ரல் 2022-ல் தொடங்குகிறது. நவம்பர் 2023 வரை 20 மாதங்கள்.

இந்த இடத்தில்தான் ஆசை வரும். முந்தைய வேலையை ஜனவரி 2023 வரை இழுத்துவிட்டால் இடைவெளி பாதியாகத் தெரியுமே என்று. வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனத்திடம் முதலில் கேட்பதே சேர்ந்த தேதியும் விலகிய தேதியும்தான். 20 மாத இடைவெளியை ஏற்றுக்கொள்கிற நிறுவனம் கூட மாற்றி எழுதிய தேதியை ஏற்காது. வேலையில் சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் வேலை போகலாம்.

மாதத்தை விட்டுவிட்டு வெறும் வருடம் மட்டும் போடலாமா என்று பலர் கேட்பார்கள். எல்லா வேலைகளுக்கும் ஒரே மாதிரி வருடம் மட்டும் போட்டால் அது பொய் ஆகாது. ஆனால் நீண்ட இடைவெளிக்கு அது பயன்படுவதில்லை. விண்ணப்பப் படிவத்தில் மாதமும் கேட்பார்கள். அங்கே ஒன்று, ரெஸ்யூமேயில் ஒன்று என்று இருந்தால் மறைத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று மாத இடைவெளிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. வேலை மாறும்போது அவ்வளவு ஆவது சகஜம். தனி வரி எதுவும் எழுத வேண்டாம்.

படி 2: ரெஸ்யூமேயில் இடைவெளிக்கென்று ஒரு பதிவு

இடைவெளியை வேலை அனுபவப் பட்டியலிலேயே, அது வர வேண்டிய தேதி வரிசையில் எழுதுங்கள். தேதியெல்லாம் எடுத்துவிட்டு திறமைகளை மட்டும் அடுக்கும் ரெஸ்யூமே வடிவத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள்தோறும் ரெஸ்யூமே பார்க்கிறவர் தேதி இல்லாததைத்தான் முதலில் கவனிப்பார். ஒரு பதிவு இருந்தால் கேள்வி பாதி அடங்கிவிடும்.

நம் உதாரணத்தில் அது இப்படி இருக்கும்:

> குடும்பப் பராமரிப்புக்காக வேலை இடைவெளி | ஏப்ரல் 2022 – நவம்பர் 2023
> உடல்நலம் குன்றிய தாயை முழுநேரமும் கவனித்துக்கொண்டேன். இப்போது முழுநேர வேலைக்குத் தயார்.
> ஜூன் 2023 முதல்: உறவினரின் சிறு தொழிலுக்கு மாதாந்திர வரவு செலவுக் கணக்கு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு (ஊதியமின்றி).
> ஆகஸ்ட் 2023: எக்செல் பவர் குவெரி இணையப் பயிற்சி முடித்தேன்.

இதில் நோய் பெயர் இல்லை. வேலை கொடுப்பவருக்கு அது தேவையில்லை. ‘ஊதியமின்றி’ என்ற சொல் வேண்டுமென்றே இருக்கிறது. உறவினருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்ததை ‘நிதி ஆலோசகர்’ என்று பெரிதாக்கினால் எத்தனை வாடிக்கையாளர்கள், எவ்வளவு கட்டணம் என்று அடுத்த கேள்வி வரும். பதில் இருக்காது. உள்ளபடி எழுதினால், ஆறு மாதமாக வங்கிக் கணக்கைச் சரிபார்த்து வந்தவர் என்பதே போதுமான பலம்.

இடைவெளியில் வேலை சம்பந்தமாக எதுவும் செய்யவில்லை என்றால் முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்வது முழுநாள் வேலை. அதனுடன் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க நியாயமில்லை. அதை நிரப்ப, ‘நேர மேலாண்மை, பொறுமை கற்றேன்’ என்று எழுதுவதையும் தவிருங்கள். படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது.

லிங்க்ட்இன் வைத்திருந்தால் அங்கும் இதே மாதங்களைப் போடுங்கள். 2022 முதல் அதில் Career break என்று இடைவெளிக்கென்றே ஒரு பதிவு வகை இருக்கிறது.

படி 3: வாயால் சொல்லும் பதில்

ரெஸ்யூமே சரி, அப்புறம் நேரில் கேட்பார்கள். தயார் செய்யாமல் போனால் பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“அது வந்து சார், அப்போ எங்க வீட்டுல கொஞ்சம் பிரச்சினை. அம்மாவுக்கு திடீர்னு ஸ்ட்ரோக் வந்துடுச்சு. ஐசியூல பதினோரு நாள். தங்கச்சி வெளியூர்ல இருந்தா, பார்த்துக்க வேற யாரும் இல்ல. லீவு கேட்டேன், மேனேஜர் தர முடியாதுன்னுட்டார். வேற வழியில்லாம விட்டுட்டேன். உண்மையில எனக்கு வேலையை விட மனசே இல்ல…”

எல்லாமே உண்மை. ஆனாலும் கேட்பவருக்குத் தேவையானது இதில் கிடைக்கவில்லை. பழைய மேனேஜர் மேல் ஒரு புகார் வந்துவிட்டது. அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்பது தெரியவில்லை. இப்படி முடியும் பதிலுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் “இப்போ அம்மா எப்படி இருக்காங்க? யார் பார்த்துக்கறாங்க?” என்பதுதான். அது வேலையைப் பற்றிய கேள்வி அல்ல. பேச்சு வீட்டுக்குள்ளேயே சுற்றத் தொடங்கிவிடும்.

நாலு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியம் காரணம். இரண்டாவது, இப்போதைய நிலை. மூன்றாவது, வேலையோடு இருந்த தொடர்பு. நான்காவது, இந்த வேலை.

“அம்மாவுக்கு உடல்நிலை மோசமானதால், முழுநேரமும் பார்த்துக்கொள்வதற்காக 2022 மார்ச்சில் வேலையை விட்டேன். இப்போது அவர் தானாக நடமாடுகிறார், செப்டம்பரில் இருந்து என் தங்கையும் அவரோடு இருக்கிறார், அதனால் முழுநேர வேலைக்கு எனக்குத் தடை இல்லை. கடந்த ஆறு மாதமாக ஒரு உறவினரின் தொழிலுக்கு மாதக் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். உங்கள் விளம்பரத்தில் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு முக்கியம் என்று இருந்தது, முந்தைய வேலையில் என் பொறுப்பு அதுதான்.”

நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிகிறது. கடைசி வாக்கியம் வேலையில் போய் நிற்பதால் அடுத்த கேள்வியும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்: “எத்தனை கணக்குகளைச் சரிபார்த்தீர்கள்?” சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். எதிரே இருப்பவர் இரண்டு நொடி குறிப்பு எழுதுவார். அந்த மௌனத்தை நிரப்பப் போய்த்தான் பலர் ஐசியூ கதையை ஆரம்பிக்கிறார்கள்.

போனில் பதிவு செய்து ஒருமுறை கேளுங்கள். முக்கால் நிமிடத்தைத் தாண்டினால் வெட்ட வேண்டியது எப்போதும் முதல் பகுதியில்தான் இருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டாம். வாக்கியங்களின் வரிசை மட்டும் நினைவில் இருந்தால் போதும். ஒப்பித்தால் உண்மைகூடப் பொய்யாகக் கேட்கும்.

படி 4: துருவிக் கேட்டால்

“மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால்?” என்று கேட்கலாம். ‘வரவே வராது’ என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லுங்கள்: “தங்கை உடன் இருக்கிறார். அவசரம் என்றால் பகலில் வந்து பார்க்க ஒருவரையும் ஏற்பாடு செய்திருக்கிறேன்.” ஏற்பாடு இன்னும் முழுமையாகவில்லை, மாதம் ஒருநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. சேர்ந்த முதல் மாதமே விடுப்பு கேட்டு நிற்பதைவிட அது மேல்.

“என்ன நோய்?” என்று கேட்டால், “அது குடும்ப விஷயம், இப்போது கட்டுக்குள் இருக்கிறது. வேலையைப் பாதிக்காது” என்று இதமாக நிறுத்தலாம். விவரம் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. உங்கள் சொந்த உடல்நலத்துக்காக நின்றிருந்தாலும் இதே அளவு போதும்: “உடல்நலக் காரணம், சிகிச்சை முடிந்தது, இந்த வேலையைச் செய்யத் தடை இல்லை.” ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

வேலையில் இருந்து நீக்கப்பட்டிருந்தால் காரணத்தை ஒரே வாக்கியத்தில், பழையவர்களைக் குறை சொல்லாமல் சொல்லுங்கள். ஆட்குறைப்பு என்றால் ‘ஆட்குறைப்பு’ என்றே சொல்லலாம். அதைத் ‘தனிப்பட்ட காரணம்’ என்று மாற்றினால் சரிபார்ப்பில் மாட்டும்.

இடைவெளி என்றாலே ஒதுக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு. அங்கே எந்தப் பதிலும் உதவாது. அப்படி ஒரு மறுப்பு வந்தால் பதிலை மாற்ற வேண்டாம். ஆனால் மூன்று நான்கு இடங்களில் இடைவெளியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றால் உங்கள் இரண்டாவது வாக்கியம் தெளிவாக இல்லை. அதைத் திருத்துங்கள்.

படி 5: எல்லா இடத்திலும் ஒரே தேதி

ஆஃபர் வந்ததும் சரிபார்ப்புப் படிவம் வரும். ரெஸ்யூமே, விண்ணப்பம், லிங்க்ட்இன், இந்தப் படிவம் நான்கையும் பக்கத்தில் வைத்து மாதங்களை ஒப்பிடுங்கள். ஏற்கெனவே அனுப்பியதில் தவறு இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல் ஹெச்ஆருக்கு எழுதிவிடுங்கள். காரணம் அடுக்க வேண்டியதில்லை:

> “விண்ணப்பத்தில் எனது முந்தைய பணியின் இறுதி மாதத்தை ஏப்ரல் 2022 என்று தவறாகக் குறிப்பிட்டுள்ளேன். சரியான தேதி 31 மார்ச் 2022. ரிலீவிங் லெட்டரை இணைத்துள்ளேன்.”