கடனா, கையிருப்பா: நான் வரிசையை மாற்றிய கதை

கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி, வட்டி மாதம் 3 சதவீதம். செலவெல்லாம் போக மிஞ்சுவது 5,000. சேமிப்புக் கணக்கில் வருஷம் முழுக்கக் கிடைக்கிற வட்டியே கிட்டத்தட்ட 3 சதவீதம்தான் என்பதால் கணக்குப்படி எல்லாவற்றையும் கடனுக்கே கட்டுவதுதான் லாபம். அப்படித்தான் கட்டினேன். மூன்று மாதத்தில் பாக்கி 50,100-க்கு இறங்கியது.

நாலாவது மாதம் லேப்டாப் மதர்போர்டு போய்விட்டது. செலவு 12,000. கையில் ஒன்றுமில்லை, மறுபடியும் கார்டைத்தான் தேய்த்தேன், பாக்கி 62,100! பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் வரிசையை மாற்றினேன். குறைந்தபட்சத் தொகையை ஒட்டி 3,000 மட்டும் கார்டுக்கு, மீதி 2,000 தனிக் கணக்குக்கு (இதற்கு ஏடிஎம் கார்டு வாங்கவே இல்லை, அது வேண்டுமென்றே). ஐந்து மாதத்தில் 10,000 சேர்ந்ததும் நிறுத்திவிட்டு முழு 5,000-ஐயும் கடனுக்குத் திருப்பினேன். அந்த 10,000-ஐச் சும்மா வைத்திருப்பதற்காகக் கடனில் மாதம் 300 வட்டி கூடுதலாகப் போகிறது, உண்மைதான், அதை ஒரு காப்பீட்டு பிரீமியம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்த்துவிட்டு அப்புறம் கடனைப் பார் என்றார் ஒரு நண்பர். 3 சதவீத மாத வட்டிக்கு அது கட்டுப்படியாகாது. வீட்டுக் கடன் மாதிரி வட்டி குறைவென்றால் சரி.

சில மாதங்களுக்கு முன் பல் வைத்தியத்துக்கு அதிலிருந்து 4,000 எடுத்தேன். இரண்டு மாதம் பழையபடி 3,000, 2,000 என்று பிரித்து நிரப்பியாயிற்று. கார்டு அலமாரியிலேயே கிடக்கிறது.